ஆண்டு விழாவுக்கு அப்பா வேட்டியில் வரலாமா?

கேள்வி: கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். திருமணம் ஆகவில்லை. இந்த வாரம் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. சனிக்கிழமை மாலை ரிங் ரோட்டில் ஒரு ஓட்டலில் ஆண்டு விழா. உடை ‘ஸ்மார்ட் கேஷுவல்ஸ்’, நீலமும் வெள்ளையும். குடும்பத்தில் மனைவி, பிள்ளைகள் வரலாம், ஊழியரையும் சேர்த்து நான்கு பேருக்கு மேல் கூடாது. வருவோர் விவரத்தைப் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் படிவத்தில் பதிய வேண்டும். எனக்கு ஐந்தாண்டுப் பணிக்கான விருது தருகிறார்கள். அப்பா, அம்மா, என்னை வளர்த்த அத்தை மூவரையும் அழைத்துப்போக ஆசை. அப்பா தறியில் உட்கார்ந்து உழைத்தவர். வேட்டி தவிர வேறெதுவும் கட்டியதில்லை. வாசலில் யாராவது தடுத்துவிட்டால் அவர் தாங்கமாட்டார். பேசாமல் ‘குடும்பத்துக்கு அழைப்பு இல்லை’ என்று வீட்டில் சொல்லிவிடலாமா என்று நினைக்கிறேன். அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. என்ன செய்வது?
— க.மு., ஆனையூர், மதுரை

பதில்: அன்புள்ள க.மு., முதலில் மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். உங்கள் அப்பா வேட்டி சட்டையோடு அந்த விழாவுக்குத் தாராளமாக வரலாம். அம்மாவையும் அத்தையையும் அழைத்துப்போகவும் நியாயமான வழி இருக்கிறது. வீட்டில் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் புதன்கிழமை மாலைக்குள் ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்பியாக வேண்டும். அதை என்னவென்று எழுதுவது என்பதற்குக் கீழே வருகிறேன்.

பணியாளர் துறையில் இருந்த காலத்தில் இப்படிப்பட்ட அழைப்புகளை நானும் எழுதியிருக்கிறேன். அதனால் ஒன்றைச் சொல்ல முடியும். அந்த மின்னஞ்சலில் உள்ள எல்லா வரிகளுக்கும் ஒரே கனம் கிடையாது. சில வரிகள் உண்மையான விதிகள். சில, ஏற்பாட்டாளரின் ஆசை. இன்னும் சில, வேறு எதிலிருந்தோ எடுத்து ஒட்டிய வாசகங்கள். எந்த வரி எந்த வகை என்று தெரிந்துவிட்டால் எங்கே கேட்கலாம், எங்கே கேட்க முடியாது என்பது தெளிவாகும்.

உங்களை அதிகம் வாட்டுவது உடை. ‘ஸ்மார்ட் கேஷுவல்ஸ்’ (அலுவலக விறைப்பு இல்லாத, ஆனால் நேர்த்தியான உடை) என்று எழுதுகிறவர் மனத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். அரைக்கால் சட்டை, கிழிசல் ஜீன்ஸ், வாசகம் அச்சிட்ட பனியன், ரப்பர் செருப்பு ஆகியவற்றோடு மேடையேறிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த வரி சேர்க்கப்படுகிறது. வயதில் மூத்த ஒருவர் சலவை வேட்டியில் வருவதைத் தடுக்கும் எண்ணம் அதில் இருப்பதில்லை. நிறக் குறிப்பு இன்னும் லேசானது. கடைசியில் எடுக்கும் குழுப் படத்தில் ஊழியர்கள் ஒரே மாதிரி தெரிய வேண்டும், அவ்வளவுதான். குடும்பத்தாரின் நிறத்தை யாரும் சரிபார்ப்பதில்லை. அப்படியே பார்த்தாலும் வெள்ளைச் சட்டையும் நீலக்கரை போட்ட எட்டு முழ வேட்டியும் அந்த நிறக் குறிப்புக்குள் அடங்கிவிடும். காலுக்குத் தோல் செருப்பு போதும்.

இருந்தாலும் உங்கள் பயத்தை நான் வீண் பயம் என்று சொல்லமாட்டேன். வேட்டி கட்டியதற்காக வாசலில் தடுத்தது நம் மாநிலத்தில் நடந்திருக்கிறது. தடுக்கப்பட்டவரும் சாதாரணமானவர் இல்லை. 2014 ஜூலை மாதம் சென்னை சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு நூல் வெளியீட்டு விழா நடந்தது. ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ஒருவரின் நூல் அது. அழைப்பின் பேரில் வந்தவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் பதவியிலிருந்த நீதிபதி டி. அரிபரந்தாமன். வேட்டி கட்டியிருந்தார் என்பதற்காகக் கிளப் ஊழியர்கள் அவரை உள்ளே விடவில்லை. கிளப்பின் உடை விதியில் வேட்டிக்கு இடமில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். அவர் திரும்பிப் போனார்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அழைத்தவர் ஒருவர், வாசலில் நின்றவர் இன்னொருவர். விழா நடத்தியவர்களுக்கு வேட்டியால் எந்தச் சங்கடமும் இல்லை. மண்டபம் யாருடையதோ அவர்களுடைய பழைய விதி குறுக்கே வந்தது. கம்பெனி விழாக்களிலும் சிக்கல் வந்தால் இதே இடத்தில்தான் வரும். உங்கள் மேலாளர் அப்பாவைக் கைகூப்பி வரவேற்பார், ஆனால் ஓட்டல் வாசலில் நிற்கும் காவலருக்கு உங்கள் மேலாளரையும் தெரியாது, உங்களையும் தெரியாது.

நீதிபதியைத் தடுத்த அந்தச் சம்பவம் சட்டமன்றத்தில் எழுப்பப்பட்டது. எல்லாக் கட்சியினரும் கண்டித்தார்கள். அடுத்த மாதமே, ஆகஸ்டில், முதலமைச்சர் ஜெயலலிதாவின் அரசு கொண்டுவந்த மசோதா நிறைவேறியது. வேட்டியோ வேறு இந்திய மரபு உடையோ கண்ணியமாக உடுத்தியிருக்கும் ஒருவரை, அந்த உடையை மட்டும் காரணம் காட்டிப் பொது இடத்தில் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். கிளப், சங்கம், அறக்கட்டளை, கம்பெனி போன்றவை அப்படித் தடுக்கும் விதிகளை வைத்துக்கொள்ளவும் கூடாது. மீறினால் உரிமம் ரத்தாகலாம். பொறுப்பானவருக்கு ஓராண்டு வரை சிறையும் ₹25,000 வரை அபராதமும் விதிக்கலாம். பிறகு 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு உடை விதி வகுத்தபோதும், ஆண்களுக்குப் பேண்ட் சட்டையோடு வேட்டியும் ஏற்ற உடையாகவே குறிப்பிடப்பட்டது. அரசின் தலைமை அலுவலகத்துக்கே பொருந்தும் உடை ஓர் ஓட்டல் மண்டபத்துக்குப் பொருந்தாமல் போகாது.

சட்டம் இருக்கிறது என்பது உங்கள் மனத் தைரியத்துக்காக. அதை எழுதி மனிதவளத் துறைக்கு அனுப்ப வேண்டாம். அந்தச் சட்டம் பொது இடத்துக்குள் நுழைவதைப் பற்றியது. ஓர் ஊழியர் மேடையில் என்ன உடுத்த வேண்டும் என்று கம்பெனி தன் ஆட்களிடம் சொல்வது வேறு விஷயம். நீங்கள் அவர்கள் கேட்ட உடையிலேயே போங்கள். அப்பாவுக்காக மட்டும் ஒரு வரி கேளுங்கள்.

அடுத்தது குடும்பம். ‘மனைவி, பிள்ளைகள்’ என்ற வாசகம் உங்களுக்கு வலித்திருக்கும். திருமணமாகாதவருக்குக் குடும்பமே இல்லை என்பதுபோல் அது ஒலிக்கிறது. பல கம்பெனிகளில் இந்த வாசகம் குழு மருத்துவக் காப்பீட்டுப் படிவத்திலிருந்து வந்துவிடுகிறது. காப்பீட்டில் ‘குடும்பம்’ என்றால் ஊழியர், துணைவர், பிள்ளைகள் என்று வரையறுத்திருப்பார்கள். பெற்றோரைச் சேர்ப்பதும் சேர்க்காததும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அழைப்பு எழுதுகிறவர் அவசரத்தில் அதே வரையறையை எடுத்துப் போட்டுவிடுவார். யாரையும் விலக்கும் நோக்கத்தோடு எழுதியதாக இருக்காது.

நான்கு பேர் என்ற வரம்பு அப்படியல்ல. அது உண்மையான விதி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தொழிற்சாலையில் 240 பேர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு நால்வர் வந்தால் 960 பேர். மூவர் வந்தால் 720. ஒரு மண்டபத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் கொள்ளும் கூட்டம், எட்டுப் பேர் அமரும் வட்ட மேசைகள் போட்டால் பாதியளவுக்குக் குறைந்துவிடும். அதோடு சாப்பாடு இருக்கிறது. ஓட்டல்காரர்கள் ‘மினிமம் கேரண்டி’ (இத்தனை பேருக்குக் கட்டாயம் பணம் தருகிறோம் என்ற உறுதி எண்ணிக்கை) கேட்பார்கள். விழாவுக்கு இரண்டு, மூன்று நாள் முன்னால் அந்த எண்ணிக்கையைச் சொல்லியாக வேண்டும். வந்தவர்கள் குறைந்தாலும் சொன்ன எண்ணிக்கைக்குப் பணம் கட்ட வேண்டும். கூடினால், சமையற்கட்டில் கொஞ்சம் கூடுதலாகச் செய்திருப்பதை வைத்துச் சமாளிக்கலாம், அதற்கு மேல் போனால் கடைசியில் வருகிறவர்களுக்கு வெறும் சோறும் ரசமும்தான் மிஞ்சும். சனிக்கிழமை விழாவுக்குப் புதன்கிழமை மாலை என்று கெடு வைத்திருப்பது இதனால்தான். வியாழக்கிழமை காலையில் யாரோ ஒருவர் ஓட்டலுக்குப் போன் செய்து எண்ணிக்கையைச் சொல்லப் போகிறார். அதன் பிறகு நீங்கள் கேட்டால், கொடுக்க மனம் இருந்தாலும் அவரால் முடியாது.

இப்போது உங்கள் நிலையைப் பாருங்கள். நீங்கள், அப்பா, அம்மா, அத்தை. நான்கு பேர். வரம்புக்குள் சரியாக இருக்கிறீர்கள். நீங்கள் கூடுதல் இலை கேட்கவில்லை. உங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் மனைவி, பிள்ளைக்குப் பதிலாகப் பெற்றோரும் அத்தையும் வரலாமா என்றுதான் கேட்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு ‘முடியாது’ என்று சொல்ல ஏற்பாட்டாளருக்குக் காரணம் கிடைப்பது கடினம். திருமணமாகாத மற்றவர்களும் இதையே கேட்கத் தயங்கிக்கொண்டிருப்பார்கள் என்பது என் அனுபவம். முதலில் ஒருவர் கேட்டுவிட்டால், எல்லோருக்குமாக ஒரு திருத்த மின்னஞ்சல் வந்துவிடும்.

கேட்கும்போது ‘ரிப்ளை ஆல்’ (எல்லோருக்கும் பதில்) அழுத்திவிடாதீர்கள். அழைப்பின் அடியில் ஒருங்கிணைப்பாளர் பெயர் இருக்கும். அவருக்கு மட்டும் அனுப்பி, உங்கள் மேற்பார்வையாளருக்கு ஒரு நகல் போடுங்கள். நீண்ட விளக்கம் வேண்டாம். இப்படி எழுதலாம்:

“வணக்கம். ஆண்டு விழாவுக்கு நான் வருகிறேன். ஐந்தாண்டுப் பணி விருது பெறுவோர் பட்டியலில் என் பெயர் உள்ளது. எனக்குத் திருமணம் ஆகவில்லை. எனவே நான்கு பேர் வரம்புக்குள் என் அப்பா, அம்மா, அத்தை மூவரையும் அழைத்துவர விரும்புகிறேன். அப்பா வேட்டி சட்டையில் வருவார். ஓட்டல் நுழைவாயிலில் இதில் தடை ஏதும் இருக்காது என்பதை உறுதிசெய்தால் உதவியாக இருக்கும். புதன்கிழமை படிவத்தில் பதிவதற்கு முன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.”

ஆங்கிலத்தில் எழுதித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஒருங்கிணைப்பாளர் தமிழ் தெரிந்தவர் என்றால் இப்படியே அனுப்புங்கள். எழுத்தில் கேட்பதில் ஒரு பயன் இருக்கிறது. வாய்வார்த்தையாகக் கேட்டால் ‘பார்த்துக்கலாம் தம்பி’ என்று பதில் வரும். அந்த வார்த்தை சனிக்கிழமை வாசலில் நிற்பவருக்குத் தெரியாது. எழுத்தில் கேட்டால் ஒருங்கிணைப்பாளர் ஓட்டலின் விருந்துப் பிரிவு மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பார். பதில் உங்கள் கைப்பேசியிலும் இருக்கும்.

விழா நாளில் வாசலில் நடக்கும் குழப்பம் பெரும்பாலும் உடையால் வருவதில்லை. ஒரே ஓட்டலில் அன்று மாலை ஒரு கல்யாண வரவேற்பும் இன்னொரு கம்பெனிக் கூட்டமும் இருக்கும். வயதான ஒருவர் தனியாக ஆட்டோவில் வந்திறங்கி ‘என் மகன் கம்பெனி விழா’ என்று சொன்னால் காவலர் எந்த மண்டபம் என்று கேட்பார், இவருக்குச் சொல்லத் தெரியாது. அந்த அரை நிமிடத் தடுமாற்றம் உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்கு அவமானமாகத் தோன்றிவிடும். ஆகவே அவரைத் தனியாக வரவிடாதீர்கள். கம்பெனிப் பேருந்து கப்பலூரிலிருந்துதான் புறப்படும் என்றால், நீங்கள் அதில் ஏற வேண்டாம். ஊருக்கு வடக்கே இருக்கும் ஆனையூரிலிருந்து தெற்கே போய் ஏறிவருவதில் அர்த்தமில்லை. நால்வரும் ஒரே வண்டியில் நேராகப் போங்கள். அடையாள அட்டையைச் சட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள். மண்டபத்தின் பெயரை அப்பாவுக்கும் சொல்லிவையுங்கள்.

நிகழ்ச்சி நிரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்களுக்கு வந்ததில் நேரங்கள் என்னென்ன என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் இந்த விழாக்களின் வரிசை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். பதிவு, தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, ஆண்டறிக்கை, சிறப்பு விருந்தினர் உரை, விருதுகள், கலை நிகழ்ச்சி, நன்றியுரை, இரவு உணவு. இதில் ஆட்டம் காண்பது விருது நேரம். விருதைக் கொடுப்பவர் சிறப்பு விருந்தினர். அவர் தாமதமாக வந்தால் விருது தள்ளிப்போகும். வேறு ஊருக்கு ரயிலோ விமானமோ பிடிக்க வேண்டும் என்றால் உரைக்கு முன்பே விருதைக் கொடுத்து முடித்துவிடுவார்கள். ஆகவே நிரலில் விருது ஆறே கால் என்று போட்டிருந்தாலும், ஆறு மணிக்குப் போனால் போதும் என்று எண்ண வேண்டாம். பதிவு தொடங்கும்போதே உள்ளே இருங்கள். பணி விருது பெறுவோரின் குடும்பத்துக்கு முன்வரிசையில் இடம் ஒதுக்கியிருந்தால், பதிவு மேசையிலேயே கேட்டு அப்பா அம்மாவை அங்கே உட்கார வைத்துவிடுங்கள். பெயர் கூப்பிட்ட பிறகு தேடினால் இடம் கிடைக்காது.

சர்க்கரை நோய் உள்ளவருக்கு நிரலின் கடைசி வரிதான் முக்கியம். உணவு எட்டரை என்று எழுதியிருந்தால் ஒன்பதேகாலை எதிர்பாருங்கள், ஏனென்றால் முந்தைய ஒவ்வொரு நிகழ்ச்சியின் தாமதமும் அங்கே வந்து சேரும். அப்பா மாத்திரையோ இன்சுலினோ உணவுக்கு முன் எடுப்பவராக இருந்தால், வீட்டிலேயே வழக்கமான நேரத்துக்குப் போட்டுக்கொண்டு வந்துவிடக் கூடாது. மருந்து உள்ளே போய் சாப்பாடு வராவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கும் (தாழ்சர்க்கரை). வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் தெரிந்தால் உடனே பழச்சாறோ சர்க்கரையோ கொடுக்க வேண்டும். அன்று மருந்தை எப்போது எடுப்பது என்று அவருடைய மருத்துவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாலைச் சிற்றுண்டியைத் தவிர்க்காமல் அளவாகச் சாப்பிடட்டும், பையில் பிஸ்கட்டும் இரண்டு மிட்டாயும் இருக்கட்டும். உணவு மேசைகளில் பலகாரம் அடுக்கும் வேலை நிகழ்ச்சி முடிவதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடும். விருந்துப் பிரிவு மேற்பார்வையாளரிடம் ‘பெரியவருக்குச் சர்க்கரை’ என்று பதமாகச் சொன்னால், இரண்டு சப்பாத்தியை முதலில் எடுத்துத் தருவதில் அவர்களுக்குச் சிரமம் இருக்காது.

விழா புல்வெளியில் என்றால் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி இருக்கிறது, அதனால் நேரத்தோடு முடியும். மூடிய அரங்கத்துக்கு அந்த விதியில் விலக்கு உண்டு, அங்கே ஆட்டம் பாட்டம் நீளலாம். உங்கள் அப்பா அம்மா அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. விருது வாங்கி, மேடைப் படம் எடுத்து, சாப்பிட்டு முடித்ததும் கிளம்பிவிடுங்கள். குழுப் படத்துக்கு நீங்கள் இருக்க வேண்டும் என்றால், அதைச் சாப்பாட்டுக்கு முன் எடுப்பார்களா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவேளை பதிலே வராவிட்டால்? செவ்வாய்க்கிழமை வரை பார்த்துவிட்டு, புதன் காலையில் போனில் அழையுங்கள். அப்போதும் ‘அத்தைக்கு முடியாது, பெற்றோர் மட்டும்’ என்று சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டியிருக்கும். அத்தையிடம் அதை நீங்களே, அப்பாவும் உடனிருக்கும்போது சொல்லுங்கள். விருதை வாங்கியதும் முதலில் அத்தை கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். கெடு முடியும்வரை எந்தப் பதிலும் வரவில்லை என்றால், படிவத்தில் மூவரின் பெயரையும் எழுதிவிடுங்கள். ‘உறவு’ என்ற கட்டத்தில் அப்பா, அம்மா, அத்தை என்று தெளிவாக நிரப்புங்கள், அதைக் காலியாக விட்டால் பட்டியல் தயாரிப்பவர் அந்தப் பெயர்களைப் பிழை என்று நினைத்து நீக்கிவிடக்கூடும்.